ஐட்டம் லிஸ்ட் 1,850 வரி ஆயிடுச்சு, தேடினா கிடைக்கல: பேரு எப்படி வைக்கிறது, கோடு எப்படி போடுறது?

மரைகழண்டவன்

வணக்கம் மக்களே. எங்க மெயின்டெனன்ஸ் ஸ்டோர் லிஸ்ட்ட நான் கையில வாங்கும்போது எக்செல்ல 200 வரி இருந்துச்சு, கண்ணாலயே தேடிடலாம். இப்ப 1,850. யார் வேணாலும் வரி சேர்ப்பாங்க, அவங்கவங்க வாய்க்கு வந்த பேரு.

போன வாரம் ஒரு மெஷின் நின்னுபோச்சு, ஃபிட்டர் வந்து எட்டு எம்எம் போல்ட் நாப்பது நீளம், எஸ்எஸ் குடுன்னாரு. `M8x40`ன்னு தேடினேன், ஒரே ஒரு வரி வந்துச்சு, 212 இருக்குன்னு காட்டுச்சு. எடுத்துக் குடுத்தேன். பத்து நிமிஷத்துல திரும்பி வந்து "இது இறங்க மாட்டேங்குது, வேற குடு"ன்னாரு. லிஸ்ட்ல வேற இல்லையே, அவசரத்துக்கு வெளியில ஆர்டர் போட்டோம். அடுத்த நாள் வேற எதையோ தேடும்போது பாத்தா லிஸ்ட்லயே இன்னும் மூணு வரி இருக்கு:

```
Hex Bolt M8x40 SS                   212
SS BOLT 8MM X 40                      3
BOLT M8 X 40 SS304 FULL THREAD       45
போல்ட் 8*40 ஸ்டீல்                   60
```

நாலையும் சேத்து 320ன்னு ஒரே வரியா ஆக்கிட்டு, இனிமே எல்லாத்துக்கும் ஒழுங்கா கோடு போடலாம்னு இருக்கேன். `BLT-SS-08-40` மாதிரி, கோட பாத்தாலே என்ன சரக்குன்னு தெரியுற மாதிரி. இது சரியா வருமா? இப்பவே சொல்லிடுங்க, 1,850க்கும் போட்டு முடிச்சப்புறம் சொன்னீங்கன்னா அழுதுடுவேன்.

சும்மா_வந்தேன்

பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க ப்ரோ, ஸ்கேன் பண்ணா எல்லாம் வந்துடும். எந்த ப்ரின்டர் வாங்கலாம்னு வேணா சொல்றேன்.

மரைகழண்டவன்

ப்ரோ, ஸ்கேன் பண்ணணும்னா முதல்ல அந்த டப்பா கையில இருக்கணுமே. டப்பா எங்க இருக்குன்னு தெரியாததுதான் பிரச்சினையே.

அரைப்புள்ளி

நான் ப்ரோக்ராமர், என் பார்வையில பேரு எப்படி வேணா இருக்கட்டும், தேடுற இடத்துல சரி பண்ணிக்கலாம். பெரிய எழுத்து சின்ன எழுத்து, நடுவுல இடைவெளி, `x` போடுறது `*` போடுறது, சில பேர் எங்கருந்தோ காப்பி பண்ணி பெருக்கல் குறி `×` போட்டிருப்பாங்க, பாக்க ஒண்ணுதான், ஆனா கம்ப்யூட்டருக்கு அது வேற எழுத்து. இதெல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிட்டுத் தேடினா போதும்:

```
import re
def key(s):
    s = s.lower().replace("×", "x").replace("*", "x")
    return re.sub(r"[\s,\-_/]", "", s)
```

இத ஓட்டினா `M8 X 40`, `m8×40`, `M8*40` எல்லாமே `m8x40` ஆயிடும். 1,850 வரிக்கு உக்காந்து பேரு மாத்துறதெல்லாம் வேண்டாத வேலை.

இன்னொண்ணு, எக்செல் ஃபைண்ட்ல `8*40`ன்னு தேடாதீங்க. அங்க `*`ன்னா "நடுவுல எது வேணா இருக்கலாம்"னு அர்த்தம், எட்டுல ஆரம்பிச்சு எங்கயாச்சும் நாப்பது வர்ற எல்லா வரியும் வந்து நிக்கும். நிஜமாவே நட்சத்திரக் குறியத் தேடணும்னா `8~*40`ன்னு போடணும்.

பழைய_ஸ்டோர்

அந்த `~` விஷயம் நல்ல விஷயம், நான் அதுல பல தடவ அடிபட்டிருக்கேன். ஆனா தம்பி, உங்க அந்த ரெண்டு வரி கோட எங்க ஸ்டோர்ல ஓட்டினா முதல் நாளே வம்பு வரும். `/` குறியத் தூக்கிட்டீங்கன்னா அரை இஞ்சு `1/2`ங்கறது `12` ஆயிடும். ஒன்றரை இஞ்சு `1-1/2`ன்னு எழுதியிருந்தா `112`. பன்னண்டு எம்எம்மத் தேடுறவனுக்கு அரை இஞ்சு எல்லாம் வந்து விழும். அத விடுங்க, திருத்திக்கலாம். அவரோட ரெண்டாவது வரி `8MM X 40`, அது உங்க கோட்டுல `8mmx40` ஆகும், `m8x40`க்கு அப்பவும் சிக்காது. நாலாவது வரியில `ஸ்டீல்`னு தமிழ்ல இருக்கு. அது எஸ்எஸ்ஸா, சாதா ஸ்டீலான்னு எந்த ப்ரோக்ராமும் சொல்லாது. எழுதினவனக் கேட்டாக்கூட சொல்லமாட்டான்.

மரைகழண்டவரே, உங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்றேன். தயவுசெஞ்சு அந்த நாலையும் 320ன்னு கூட்டிடாதீங்க. ஃபிட்டர் "இறங்க மாட்டேங்குது"ன்னு சொன்னாரில்ல, அது ஏன்னு யோசிச்சீங்களா? `M8x40` ஹெக்ஸ் போல்ட் ரெண்டு விதமா வரும். ஐஎஸ்ஓ 4017 (பழைய கணக்குல டிஐஎன் 933) தலைக்குக் கீழருந்தே முழு மரை. ஐஎஸ்ஓ 4014 (டிஐஎன் 931) அரை மரை, எம்8ல நாப்பது நீளத்துக்கு மரை 22 எம்எம்தான், மீதி கிட்டத்தட்ட 18 எம்எம் வழவழன்னு இருக்கும். மரை போட்ட துளையில அத இறக்கினா மொழு கழுத்து வந்ததும் நின்னுடும். உங்க முதல் வரியில `Hex Bolt M8x40 SS`ன்னு மட்டும்தான் இருக்கு, முழுசா அரையான்னு இல்ல. அதுதான் உங்க பேருல இருக்குற ஓட்டை.

மூட்டையப் பிரிச்சுப் பாருங்க. நேரா டப்பாகிட்ட போங்க, தலையில என்ன பொறிச்சிருக்குன்னு பாருங்க. `A2-70`ன்னு இருந்தா எஸ்எஸ். `8.8`ன்னு இருந்தா கார்பன் ஸ்டீல், மேல துத்தநாகப் பூச்சு இருக்கலாம். காந்தம் வெச்சுப் பாத்து முடிவு பண்ணாதீங்க, குளிர்நிலையில அடிச்சு உருவாக்குறதால எஸ்எஸ் போல்ட்டும் லேசா ஒட்டும். அப்புறம் ரெண்டாவது வரியில `3`ன்னு இருக்கே, மூணே மூணு போல்ட் வெச்சுக்கிட்டு யாரும் வரி போட மாட்டாங்க. அது மூணு டப்பாவா இருக்கும்னு நினைக்கிறேன். போய் எண்ணிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

ரேக்_ராணி

அண்ணே சொல்றது சரிதான், ஆனா அவர் கேட்ட கேள்வி கோடு பத்தி. நான் பதினோரு வருஷமா ஸ்டோர் பாக்குறேன், எங்களோடது `BLT-SS-08-40` ஸ்டைல்தான், நல்லாத்தான் ஓடுது. பேப்பர் சீட்டுல கோட மட்டும் எழுதிக் குடுத்தா பையன் நேரா போல்ட் ரேக்குக்குப் போவான். வெறும் நம்பர் குடுத்தா அவனுக்கு என்ன தெரியும்? கோடுல அர்த்தம் இல்லன்னா அந்தக் கோடு எதுக்கு?

பழைய_ஸ்டோர்

ராணிம்மா, நானும் உங்க கட்சியிலதான் ரொம்ப நாள் இருந்தேன். ஒரு கேள்வி, உங்க லிஸ்ட்ல `BLT-SS-08-40` ஒண்ணுதானா, இல்ல அதுக்கு வால் இருக்கா?

ரேக்_ராணி

😄 வால் இருக்கு. முழு மரைக்கு `-F` போட்டோம். அப்புறம் கடல் தண்ணிக்கு ஏ4 வந்துச்சு, அதுக்கு `S4`. பழைய `SS` எல்லாம் ஏ2ன்னு "எல்லாருக்கும் தெரியும்". நூறு நீளம் வந்தப்ப கடைசியில மூணு இலக்கமாச்சு, அதனால வரிசைப்படுத்தினா 100 போய் 20க்கு முன்னாடி உக்காந்துக்கும்.

பழைய_ஸ்டோர்

அதேதான். அந்த "எல்லாருக்கும் தெரியும்" உங்க தலைக்குள்ள இருக்கு, லிஸ்ட்ல இல்ல. நீங்க லீவு போட்டா ஸ்டோரும் லீவு.

நான் கட்சி மாறினதுக்கு வால் காரணமில்ல. ஒரு தடவ ஏ4ன்னு நினைச்சு `S4`ன்னு கோடு போட்டுட்டோம், ரெண்டு வருஷம் கழிச்சுத் தலையப் பாத்தா `A2-70`. இப்ப என்ன பண்ணுவீங்க? கோட மாத்தினா ஆறு டிராயிங், பழைய பர்ச்சேஸ் ஆர்டர், ரேக்ல ஒட்டின சீட்டு எல்லாத்துலயும் பழைய கோடு. மாத்தலைன்னா கோடே பொய் சொல்லுது, அத நம்பி ஒருத்தன் உப்புத் தண்ணியில போடுவான். பேருல தப்பு இருந்தா பேர ஒரு நிமிஷத்துல திருத்திடலாம், ஒண்ணும் உடையாது. கோடு பத்து இடத்துல ஒட்டியாச்சு, அது மாறக்கூடாது. மாறக்கூடாத ஒண்ணுக்குள்ள, மாறக்கூடிய விஷயத்த எதுக்குத் திணிக்கணும்? அதனால என் கோடு வெறும் ஓடுற நம்பர். 100001ல ஆரம்பிச்சேன், வந்த வரிசைல குடுக்குறேன், போல்ட்டுக்கு அடுத்து பேரிங் வரும், அதுக்கடுத்து பெல்ட் வரும், கவலையே இல்ல. அர்த்தம் எல்லாம் பேருலயும் லிஸ்ட்டோட மத்த காலங்கள்லயும் இருக்கும்.

இது நான் கண்டுபிடிச்சதில்ல. நேட்டோ ராணுவங்களோட சரக்கு நம்பர் 13 இலக்கம். முதல் நாலு வகை, போல்ட்டுக்கு 5306, ஸ்க்ரூவுக்கு 5305, பேரிங்குக்கு 3110. மீதி ஒம்போதுல முதல் ரெண்டு எந்த நாடு பதிஞ்சதுன்னு சொல்லும், கடைசி ஏழும் வெறும் வரிசை நம்பர். நீளம், உலோகம், பூச்சு எதுவும் நம்பர்ல கிடையாது. அந்த ஒம்போது இலக்கத்த வெச்சே ஐட்டம் எதுன்னு முடிவாயிடும். அவ்வளவு பெரிய ஸ்டோர்லயே அளவ நம்பருக்குள்ள திணிக்கல.

ரேக்_ராணி

முதல் நாலு இலக்கத்துல வகை இருக்கே அண்ணே? நீங்களே என் கட்சிக்கு ஓட்டு போட்டுட்டீங்க 😜

பழைய_ஸ்டோர்

பிடிச்சுட்டீங்க. சரி, "இது போல்ட்டு"ங்கற அளவுக்கு ஒரே ஒரு முன்னெழுத்து வெச்சா நான் சண்டைக்கு வரமாட்டேன், போல்ட் ஒருநாளும் பேரிங் ஆகாது. ஆனா போல்ட்டா ஸ்க்ரூவான்னே சண்டை வரும் பாருங்க, முழு மரை இருந்தா ஸ்டாண்டர்டுலயே அது ஸ்க்ரூ. அதுக்காகத்தான் நான் அதையும் விட்டுட்டேன். ரேக் எங்கன்னு பையனுக்குத் தெரியணும்னா சீட்டுல கோடு பக்கத்துல பேரையும் இடத்தையும் சேத்து ப்ரின்ட் எடுங்க. கோடு ஒண்ணுமேல எல்லா வேலையையும் சுமத்தாதீங்க.

ஈயப்பத்து

குறுக்க வர்றேன், எனக்கும் இதே தலைவலி, ஆனா எலக்ட்ரானிக்ஸ். ஒரே ரெசிஸ்டர் லிஸ்ட்ல `4.7K`, `4K7`, `4700 OHM`னு மூணு பேருல இருக்கு. சிப் மேல பாத்தா `472`. கெப்பாசிட்டர் இன்னும் மோசம், `0.1uF`, `100nF`, `104` மூணும் ஒண்ணேதான். நான் `4K7` ஸ்டைல்தான் பிடிச்சுக்கிட்டேன், புள்ளி ப்ரின்ட்ல மங்கிப்போனா `4.7K` போய் `47K` ஆயிடுது, எழுத்து நடுவுல இருந்தா அந்த பயம் இல்ல. மத்த பேரெல்லாம் எங்க போடுறது? வேற பேருல தேடுறவங்களுக்கும் கிடைக்கணுமே.

பழைய_ஸ்டோர்

மத்த பேருக்கு தனியா ஒரு காலம் வைங்க, "வேற பேர்கள்"னு. அதுல என்ன குப்பை வேணா இருக்கலாம், `4.7K 4700 472` எல்லாத்தையும் கொட்டுங்க, தமிழ்ல சொல்ற பேரையும் போடுங்க, சப்ளையர் பில்லுல வர்ற பேரையும் போடுங்க. தேடும்போது பேரு காலம், இந்தக் காலம் ரெண்டுலயும் தேடணும். பேரு காலம் மட்டும் கறாரா இருக்கணும். ஒருத்தருக்கு ஆதார்ல ஒரு பேரு, வீட்டுல நாலு பேரு இருக்கறதில்லையா, அதே கதைதான்.

பேரு எழுதுற முறைக்கு நான் ஒரே ஒரு வரிசைதான் வெச்சிருக்கேன். பொருள் என்னங்கறது முதல்ல, அப்புறம் எந்த விதம், அப்புறம் அளவு, அப்புறம் மரை, கடைசியில உலோகம்:

```
BOLT, HEX, M8x40, FULL THD, A2-70
BOLT, HEX, M8x40, PART THD, A2-70
```

`SS BOLT`ன்னு எழுதினா வரிசைப்படுத்தும்போது அது `S`ல போய் ஒளிஞ்சுக்கும், எஸ்எஸ் பைப்புக்கும் எஸ்எஸ் வாஷருக்கும் நடுவுல. பொருள் முன்னாடி நின்னா போல்ட்டெல்லாம் ஒரே இடத்துல அடுக்கா வரும், ஒரு வரிக்கு மேல இன்னொரு வரி, வித்தியாசம் எங்கன்னு கண்ணுக்கே தெரியும். ரெட்டிப்பு வரி அப்பதான் மாட்டும். `SS`ன்னு எழுதவே கூடாது, தலையில என்ன பொறிச்சிருக்கோ அத அப்படியே எழுதணும். பொறிப்பு இல்லாத சரக்கா இருந்தா `UNMARKED`னு எழுதுங்க, ஊகிச்சு எழுதாதீங்க. `x` சின்ன எழுத்து, ரெண்டு பக்கமும் இடைவெளி கிடையாது.

ஒவ்வொரு பொருளுக்கும் எந்தெந்த விவரம் கட்டாயம்னு ஒரு சின்ன பட்டியல் இருக்கணும். போல்ட்டுக்கு அஞ்சு. அதுல ஒண்ணு காலியா இருந்தா வரி சேர்க்க விடக்கூடாது. உங்க முதல் வரி `PART THD`ங்கறத கேட்டிருந்தா அந்த ஃபிட்டர் ரெண்டு தடவ நடந்திருக்க மாட்டார். எம்10, எம்12 வந்தா ஆறாவதா ஸ்டாண்டர்டையும் சேருங்க, ஏன்னா டிஐஎன் 933 எம்10க்கு ஸ்பானர் 17, ஐஎஸ்ஓ 4017க்கு 16. எம்12க்கு 19, 18. எம்8ல ரெண்டுமே 13, அதனால அங்க தொந்தரவு இல்ல.

அரைப்புள்ளி

சரி, ஸ்லாஷ் விஷயத்துல தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகம், `M8`ன்னு வெச்சா வரிசைப்படுத்தும்போது எம்10, எம்12, எம்6, எம்8ன்னு வருமே. `M08`ன்னு எழுதிடலாமே?

பழைய_ஸ்டோர்

வரும்தான். ஆனா ஒருத்தனும் `M08`ன்னு தேட மாட்டான். பில்லுல `M8`, போல்ட் டப்பா மேல `M8`, டிராயிங்ல `M8`. வரிசை அழகா வரணும்னு தேடல உடைக்கக்கூடாது. விட்டம் ஒரு காலம், நீளம் ஒரு காலம், ரெண்டும் வெறும் எண்ணா வைங்க, வரிசைய அதுல பண்ணுங்க. பேரு காலத்துல மனுஷன் எப்படி சொல்றானோ அப்படி.

ரேக்_ராணி

இதுல எனக்கு உடன்பாடு இல்ல. எங்ககிட்ட தனித்தனி காலம் எல்லாம் கிடையாது, பழைய சாஃப்ட்வேர், பேரு 40 எழுத்துக்கு மேல ஏத்துக்காது, வேற எந்தக் கட்டமும் இல்ல. எனக்கு `M08`தான் சரிப்படுது. அதே மாதிரி உங்க `BOLT, HEX, M8x40, FULL THD, A2-70` எண்ணிப் பாத்தேன், 33 எழுத்து. போல்ட்டுக்கு ஓகே, பேரிங்குக்குப் போனா என் சாஃப்ட்வேர் வால வெட்டிடும்.

பழைய_ஸ்டோர்

40 எழுத்துன்னா நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. அப்ப சுருக்கத்துக்கும் ஒரு பட்டியல் வேணும், `FULL THD`ன்னா எங்கயும் `FULL THD`தான், ஒருத்தர் `FT` இன்னொருத்தர் `F/THRD` போடக்கூடாது. வெட்டினா கடைசியில இருக்கறதுதான் போகும், அதனால உங்களுக்கு மட்டும் உலோகத்த மரைக்கு முன்னாடி கொண்டுவரலாமா... இல்ல, ரெண்டுமே போகக்கூடாதது. இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல.

மரைகழண்டவன்

வந்துட்டேன், சனிக்கிழமை முழுக்க டப்பாவக் கொட்டி எண்ணினேன். அண்ணே, உங்க வாயில சக்கரை போடணும்.

முதல் வரி 212, தலையில `A2-70`, அத்தனையும் அரை மரை. ஸ்கேல் வெச்சு அளந்தேன், மரை 22தான். ரெண்டாவது வரி `3`, மூணு டப்பா, டப்பாக்கு 100, அதுல ஒண்ணு பிரிச்சது 64 இருந்துச்சு, ஆக 264. எல்லாம் முழு மரை `A2-70`. மூணாவது வரி 45, அதுவும் முழு மரை `A2-70`, அதாவது ரெண்டாவது வரியும் இதுவும் ஒண்ணேதான். நாலாவது வரி 60, தலையில `8.8`, மஞ்சளா பூச்சு, எஸ்எஸ்ஸே இல்ல.

ஒரு ஐட்டம் 320ன்னு நினைச்சேன். இருந்தது மூணு ஐட்டம்: அரை மரை ஏ2 212, முழு மரை ஏ2 309, 8.8 60. மொத்தம் 581. ஃபிட்டர் கேட்ட முழு மரை 309 ரேக்குல தூங்கிட்டு இருந்தப்ப நான் வெளியில ஆர்டர் போட்டுட்டு இருந்தேன்.

இப்ப ரெண்டாவது வரியையும் மூணாவது வரியையும் ஒண்ணாக்கணும். ஒண்ண டிலீட் பண்ணிடட்டுமா?

பழைய_ஸ்டோர்

டிலீட் வேண்டாம். பழைய பில்லு, பழைய சீட்டு அதத்தான் சொல்லும், ஒருநாள் யாராச்சும் அதத் தேடுவாங்க. நிலைன்னு ஒரு காலம் வெச்சு "மூடியது"ன்னு போடுங்க, பக்கத்துல "பாக்க வேண்டிய கோடு"ன்னு புது நம்பர். இருப்பு பூஜ்யம். பழைய பேரு ரெண்டையும் உயிரோட இருக்குற வரியோட "வேற பேர்கள்"ல ஒட்டிடுங்க, அப்பதான் `SS BOLT 8MM X 40`ன்னு பழக்க தோஷத்துல தேடுறவனும் சரியான இடத்துக்கு வருவான். மூடின நம்பர இன்னொரு சரக்குக்கு எந்தக் காலத்துலயும் குடுக்காதீங்க. இன்னொண்ணு, எண்ணுற அளவு எல்லா வரியிலயும் ஒரே மாதிரி, போல்ட்னா எண்ணிக்கைதான். டப்பாங்கறது வாங்குற அளவு, அது பர்ச்சேஸ் காலத்துல "1 டப்பா = 100"ன்னு இருக்கட்டும்.

மரைகழண்டவன்

ஓகே அண்ணே. நம்பருக்கு வெறும் ஓடுற நம்பர்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா கையால எழுதும்போது இலக்கம் மாறிடுச்சுன்னா? `BLT`ன்னு இருந்தாலாவது தப்பு தெரியும், 100347க்கு பதிலா 100374ன்னு எழுதினா ரெண்டுமே இருக்குற ஐட்டமா இருக்கலாமே.

அரைப்புள்ளி

இதுக்கு நான் பதில் சொல்றேன், இதுல தோக்க மாட்டேன். கடைசியில ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேருங்க, பேங்க் கார்டு நம்பர்ல இருக்குற அதே லூன் முறை. 100347ஐ வலது பக்கத்துலருந்து எடுங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு ரெண்டால பெருக்கணும், ரெண்டு இலக்கம் வந்தா அதக் கூட்டிக்கணும். 7 இரட்டிச்சா 14, அதாவது 5. 4 அப்படியே. 3 இரட்டிச்சா 6. அப்புறம் 0, 0, கடைசியில 1. கூட்டினா 16. அடுத்த பத்துக்கு 4 குறையுது, அதான் சரிபார்ப்பு இலக்கம், கோடு `1003474`. இப்ப ஒருத்தர் 4ஐயும் 7ஐயும் மாத்தி `1003744`ன்னு எழுதினா, 100374க்கு கணக்கு போட்டா கூட்டல் 22, வரவேண்டியது 8, ஆனா 4 இருக்கு. தப்புன்னு கட்டம் சிவப்பாயிடும். ஒரு இலக்கம் தப்பா அடிச்சா எப்பவுமே பிடிக்கும், பக்கத்து இலக்கம் ரெண்டு இடம் மாறினா 09, 90 தவிர மத்ததெல்லாம் பிடிக்கும்.

சும்மா_வந்தேன்

அப்ப பார்கோடு ஸ்கேன் பண்ணா இது தேவையில்லல்ல?

அரைப்புள்ளி

ப்ரோ, இந்த தடவ நீங்க சரி 😄 கோட் 128 மாதிரி பார்கோடுல சரிபார்ப்பு உள்ளயே இருக்கு. கையால எழுதுற, அடிக்குற இடத்துக்குத்தான் இது. ஆனா மரைகழண்டவரோட இடத்துல சீட்டு கையெழுத்துதானே.

மரைகழண்டவரே, இன்னொரு எச்சரிக்கை, எக்செல்ல `8-40`ன்னு அளவு காலத்துல போட்டீங்கன்னா அது தேதின்னு நினைச்சு `Aug-40` ஆக்கிடும். `1/2`வும் தேதி ஆயிடும். கோடுல நடுவுல `E` வந்தா, `12E5` மாதிரி, அது 1.20E+06 ஆயிடும். முன்னாடி பூஜ்யம் வெச்ச கோடா இருந்தா பூஜ்யம் காணாமப் போயிடும். மாறினப்புறம் ஃபார்மேட்ட டெக்ஸ்ட்னு மாத்தினா பழசு திரும்பி வராது. காலத்த முதல்லயே டெக்ஸ்ட் ஆக்கிட்டுத்தான் டைப் பண்ணணும், வெளி ஃபைல திறக்கும்போதும் இறக்குமதி பண்ற இடத்துல டெக்ஸ்ட்னு சொல்லணும். அண்ணே 100001ல ஆரம்பிச்சது இதுக்கும் சேத்துதான்னு இப்பதான் புரியுது.

மரைகழண்டவன்

அய்யோ. என் அளவு காலத்துல `Aug-40` இருக்கு. யாரோ வாரண்டி தேதின்னு நினைச்சிட்டு இருந்தேன்.

ஈயப்பத்து

😂😂 என் லிஸ்ட்ல `01-Feb` இருக்கு, இத்தனை நாளா சப்ளையர் பில் தேதின்னு விட்டுவெச்சிருக்கேன். போய்ப் பாக்கணும்.

ரேக்_ராணி

பேரிங் பத்தியும் ஒண்ணு கேட்டுடறேன். 6204, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல். எஸ்கேஎஃப்ல `6204-2RSH`னு வரும், என்எஸ்கேல `6204DDU`, என்டிஎன்ல `6204LLU`. இது ஒரு ஐட்டமா, மூணா? நான் மூணா வெச்சிருக்கேன், அதனால ஒண்ணு தீர்ந்தா மத்தது இருக்கறது தெரியாம ஆர்டர் போயிடுது.

பழைய_ஸ்டோர்

நான் ஒண்ணா வெச்சிருக்கேன். உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14, எல்லாம் ஒண்ணேதான். பேரு `BEARING, BALL, 6204, RUBBER SEAL 2 SIDE`, கம்பெனி நம்பர்கள் மூணும் "வேற பேர்கள்"ல. `2Z`, `ZZ`ன்னு தகடு மூடி வர்றது தனி ஐட்டம், `C3` தனி ஐட்டம், அதுல விட்டுக்குடுக்க மாட்டேன், சூடாகுற மோட்டாருக்கு `C3` கேட்டா சாதாவக் குடுக்க முடியாது. `VV`, `LLB`ன்னு வர்ற தொடாத சீலையும் இதுல கலந்துடாதீங்க.

ரேக்_ராணி

எங்க இன்ஜினியர் ஒத்துக்க மாட்டார் அண்ணே. ஒரு ஸ்பின்டில்ல குறிப்பிட்ட கம்பெனி மட்டும்தான் போடணும்னு டிராயிங்லயே எழுதி வெச்சிருக்கார். ஒரே கோடுன்னா டப்பாவுல கையில எது வருதோ அதத்தானே பையன் எடுப்பான்?

பழைய_ஸ்டோர்

அந்த ஒரு இடத்துக்கு மட்டும் தனி ஐட்டம் போட்டு, பேரு கடைசியில கம்பெனி பேரு சேருங்க. மத்த இடத்துக்குப் பொது ஐட்டம். ஆனா அப்ப ஒரே பேரிங் ரெண்டு கோடுல இருக்கும், பொதுவுல அந்தக் கம்பெனிது வந்தா எதுல வரவு வைக்கிறதுன்னு கேள்வி வரும். நான் இத இன்னும் முழுசா தீர்க்கல, எங்க ஸ்டோர்ல மாசம் ஒரு தடவ இதுக்குச் சண்டை நடக்கும்.

மரைகழண்டவன்

எல்லாருக்கும் நன்றி. போல்ட் மட்டும் முதல்ல முடிக்கிறேன், கிட்டத்தட்ட 400 வரி. பேரு வரிசை ஒரு தாள்ல அடிச்சு கம்ப்யூட்டர் மேல ஒட்டியாச்சு, "வேற பேர்கள்" காலம் திறந்தாச்சு, புது வரி சேர்க்க இனிமே எனக்கு மட்டும்தான் பாஸ்வேர்டு. யாருக்காச்சும் புது ஐட்டம் வேணும்னா முதல்ல மூணு விதமா தேடிப் பாத்துட்டு, கிடைக்கலன்னா சரக்கையே கையில எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். தலையப் பாக்காம வரி போடறதில்ல.

மரைகழண்டவன்

நேத்து பாஸ்வேர்டு போடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி யாரோ சேத்துட்டுப் போயிருக்காங்க, இப்பதான் பாக்குறேன்:

```
bolt m8 40 new      1
```

டப்பாவா, ஒரு போல்ட்டான்னு பாக்க ரேக்குக்குப் போயிட்டிருக்கேன்.